முப்பது மீட்டரில் ஒரு ‘ண்’

நம்ம காலேஜ் மெயின் ரோட்டுல மோட்டார் ரீவைண்டிங் கடை ஒண்ணு இருக்கு. எரிஞ்சு போன பம்பு, மிக்ஸி, ஃபேன் எல்லாத்துக்கும் காப்பர் கம்பி சுத்திக் கொடுக்கற கடை. போன் வந்தா அந்தக் கடை அண்ணன் வழி சொல்றது இப்படித்தான்: “ஏடிஎம்முக்கு அடுத்த கடைங்க, வண்டிய ஸ்லோ பண்ணிட்டே வாங்க.” பத்தடி அகலத்துல அவர் தலைக்கு மேலேயே ஒரு போர்டு தொங்குது. ஆனா அந்த போர்டைச் சொல்லி வழி சொல்ல அவரால முடியல. பைக்ல வர்றவங்க கடையைத் தாண்டிப் போய், யூ டர்ன் போட்டுத் திரும்பி வர்றாங்க. சில பேர் திரும்பறதே இல்ல, அடுத்த சிக்னல்ல இருக்கற இன்னொரு கடைக்குப் போயிடறாங்க.

அந்த போர்டை போட்டோ எடுத்து, எங்கே தப்பு, எவ்வளவு தப்புன்னு அளந்து, புதுசா வரைஞ்ச கதைதான் இது. உங்க தெருவுல இருக்கற எந்த போர்டுக்கும் இதே வேலையைச் செய்யலாம். வேண்டியது ஒரு போன், ஒரு அளவு டேப், அப்புறம் GIMP.

முதல்ல போட்டோ. கடைக்கு நேர் எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு, ரெண்டு மடங்கு ஜூம் வச்சு எடுங்க. கிட்டப் போய் வைடு ஆங்கிள்ல எடுத்தா ஓரம் வளைஞ்சுடும், அப்புறம் அளவு எதுவும் நம்ப முடியாது. வெயில் நேரா அடிக்கற நேரமும் வேண்டாம். ப்ளெக்ஸ் பளபளப்புல நிறம் வெளுத்துத் தெரியும். மேகமூட்டமான காலைதான் சரி. எடுக்கும்போதே போர்டோட நீளம், உயரம் கேட்டு வச்சுக்கோங்க. இது 10 அடிக்கு 3 அடி.

கீழேயிருந்து எடுக்கறதால போர்டு எப்படியும் சரிவகமாத்தான் விழும். GIMP-ல Perspective கருவியை எடுத்து, Direction-ஐ Corrective (Backward) ஆக்கி, நாலு மூலையையும் போர்டோட நாலு மூலையில வச்சா நேராயிடும். பிறகு வெட்டி, சரியா 1000 × 300 பிக்சலுக்கு மாத்துங்க. 10 அடி 1000 பிக்சல் ஆச்சுன்னா, ஒரு பிக்சல் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். இப்ப உங்க போட்டோ வெறும் படம் இல்ல, ஒரு வரைபடம். எந்த எழுத்தையும் ஸ்கிரீன்லயே அளக்கலாம்.

போர்டுல இருந்தது இது: இடது பக்கம் பிள்ளையார், வலது பக்கம் ரெண்டு பம்பு படம், நடுவுல கடைப் பேரும் ‘எலக்ட்ரிக்கல்ஸ்’ஸும், அதுக்குக் கீழ அதே இங்கிலீஷ்ல, அதுக்கும் கீழ செய்யற வேலைகள் ரெண்டு வரி, கடைசியில ரெண்டு போன் நம்பர், முழு முகவரி. பின்னணி இடது ஓரத்துல கரும்பச்சை, வலது ஓரத்துல இளம்பச்சை, நடுவுல ஒண்ணு இன்னொண்ணா மாறிட்டே போகும். எழுத்து சிவப்பு, சுத்தி வெள்ளை அவுட்லைன், அடியில கறுப்பு நிழல். ‘மோட்டார் ரீவைண்டிங்’ங்கறது வேலைகள் வரியில மூணாவதா, ஒரு கமாவுக்கும் இன்னொரு கமாவுக்கும் நடுவுல உட்கார்ந்திருந்தது. எரிஞ்ச மோட்டாரை வண்டியில வச்சுட்டு வர்றவர் தேடறதே அந்த வார்த்தையைத்தான்.

நிறத்துல இருந்து ஆரம்பிக்கலாம். ஏன்னா இங்கதான் கண்ணு நம்மை நல்லா ஏமாத்தும். சிவப்பும் பச்சையும் வேற வேற நிறம், அதனால தெளிவா தெரியும்னு தோணும். கிட்ட இருந்து பார்த்தா உண்மைதான். ஆனா தூரத்துல நுணுக்கமான கோடுகளைப் பிரிச்சுப் பார்க்க கண்ணு நம்பறது வெளிச்ச வித்தியாசத்தை. நிற வித்தியாசம் அந்த அளவு நுணுக்கத்துக்கு உதவாது. இதைச் சோதிக்க Colors மெனுவில Desaturate போய், Mode-ஐ Luminance-ல வச்சு போட்டோவை கறுப்பு வெள்ளை ஆக்கிப் பாருங்க. அந்த போர்டுல அப்படிச் செஞ்சதும், கடைப் பேரோட தொடக்க எழுத்துகள் காணாமப் போச்சு. அழியல, அரிக்கல. பின்னணியும் எழுத்தும் ஒரே சாம்பல் நிறம் ஆயிடுச்சு.

ஏன் அந்த இடத்துல மட்டும்? கணக்கு போட்டா தெரியும். வெப்சைட் வடிவமைப்புல நிறங்களோட வெளிச்ச விகிதத்தைக் கணக்கிட ஒரு சூத்திரம் இருக்கு. அதையே இங்கேயும் எடுத்துக்கலாம்.

```python
def lin(c):
    c = c / 255
    return c / 12.92 if c <= 0.04045 else ((c + 0.055) / 1.055) ** 2.4

def lum(r, g, b):
    return 0.2126*lin(r) + 0.7152*lin(g) + 0.0722*lin(b)

def contrast(a, b):
    x, y = sorted([lum(*a), lum(*b)])
    return (y + 0.05) / (x + 0.05)

print(contrast((255, 0, 0), (0, 100, 0)))
```

விடை 1.86. ரெண்டும் ஒரே வெளிச்சம்னா 1 வரும், கறுப்பு மேல வெள்ளைன்னா 21 வரும். கம்ப்யூட்டர் ஸ்கிரீன்ல சாதாரண எழுத்துக்கே குறைஞ்சது 4.5 வேணும்னு அந்த வெப் தரநிலை சொல்லுது. ரோட்டுல, தூசியில, ஹெல்மெட் கண்ணாடி வழியா பார்க்கறதுக்கு அதைவிட நிறையவே வேணும். போர்டோட வலது ஓர இளம்பச்சைக்கு, அதாவது (144, 238, 144) மாதிரியான நிறத்துக்கு, சிவப்போட விகிதம் 2.8. அதுவும் குறைவுதான், ஆனா பேராபத்து நடுவுலதான் இருக்கு. இடது ஓரத்துல பின்னணி சிவப்பைவிட இருட்டு. வலது ஓரத்துல சிவப்பைவிட வெளிச்சம். இருட்டுல இருந்து வெளிச்சத்துக்கு நழுவிப் போகும்போது, ஏதோ ஒரு இடத்துல சிவப்போட வெளிச்சத்தைத் தொட்டுத்தானே ஆகணும்? அந்த இடத்துல விகிதம் சரியா 1. இந்த ரெண்டு பச்சைக்கும் அந்த இடம் இடது ஓரத்துல இருந்து ஏறக்குறைய மூணில் ஒரு பங்கு தூரத்துல விழுது. கடைப் பேர் அங்கதான் தொடங்குது.

இதுக்காகத்தான் வெள்ளை அவுட்லைன் போட்டிருப்பாங்க. அது கிட்டத்துல காப்பாத்தும். ஆனா அவுட்லைனோட தடிமன் 6 மில்லிமீட்டர்தான். தூரம் போகப் போக அது தனிக் கோடா தெரியாம, சிவப்போட கலந்து எழுத்தை வெளுத்த ரோஸ் நிறமா காட்டும். போதாக்குறைக்கு, எழுத்துக்குள்ள இருக்கற சுழியையும் அதே அவுட்லைன் அடைச்சுடும். நிழல் மறுபக்கத்துல இருந்து அடைக்கும்.

ஒரு எச்சரிக்கை: போட்டோவுல இருந்து எடுக்கற நிறம் தோராயம்தான். போன் கேமரா தானே நிறத்தைச் சரி செஞ்சுக்கும். அதனால 1.86-ஆ 1.9-ஆன்னு சண்டை போட வேண்டாம். 2-க்கும் 12-க்கும் உள்ள வித்தியாசம் எந்த கேமராவுலயும் மறையாது.

அடுத்தது எழுத்து. சாதாரண நல்ல பார்வை உள்ள கண்ணு, ஒரு பாகையில அறுபதில் ஒரு பங்கு கோணம் அளவுள்ள கோட்டையும் இடைவெளியையும் பிரிச்சு அறியும். ஞாபகம் வச்சுக்க எளிய வழி: தூரத்தை 3440 ஆல வகுத்தா, அந்த தூரத்துல பிரிச்சு அறியக்கூடிய மிகச் சின்ன அளவு கிடைக்கும். 31 மீட்டர்ல அது 9 மில்லிமீட்டர்.

இங்கிலீஷ் போர்டுக்குப் பழகின கணக்கு பெரும்பாலும் எழுத்து உயரத்தைத்தான் பேசும். பத்து அடி தூரத்துக்கு ஒரு அங்குல உயரம்ங்கறது போர்டு தொழில்ல பழகின கணக்கு. ‘E’ மாதிரி எழுத்துல மூணு கோடு, ரெண்டு இடைவெளி, மொத்தம் அஞ்சு பட்டை. தமிழுக்கு அந்தக் கணக்கை அப்படியே தூக்கி வைக்கக் கூடாது. ‘ண்’ எழுத்தை எடுத்து, நடுவுல இடமிருந்து வலமா ஒரு கோடு இழுத்துப் பாருங்க. கோடும் இடைவெளியுமா ஏறக்குறைய ஒன்பது பட்டை வரும். அதுல ஒரு வளைவு கலங்கினாலும் ‘ன்’ ஆயிடும். அதனால தமிழ் போர்டுல முதல்ல அளக்க வேண்டியது ரொம்ப நெருக்கமான எழுத்தோட அகலம். நம்ம வார்த்தையில அது ‘ண்’.

பழைய போர்டுல அந்த வரியில எழுத்து உயரம் 18 பிக்சல், அதாவது 5.5 செ.மீ. ‘ண்’ அகலம் 20 பிக்சல், 6 செ.மீ. அந்த உயரத்துக்கு இயல்பா கிட்டத்தட்ட 9 செ.மீ. அகலம் இருந்திருக்கணும். வரி நீளமானதால, டிசைன் பண்ணவர் பக்கத்துல இருக்கற கைப்பிடியைப் பிடிச்சு மொத்த வரியையும் உள்ள தள்ளியிருக்கார். நம்ம ஊர் ப்ளெக்ஸ்ல பாதி பிரச்சினை இந்த ஒரு இழுப்புல இருந்து வருது. உயரம் அப்படியே இருக்கும், அதனால எழுத்து பெருசா இருக்கற மாதிரியே தோணும். ஆனா செங்குத்துக் கோடுகள் எல்லாம் மெலிஞ்சு, இடைவெளிகள் மூடிக்கும்.

இப்ப ரோட்டுக்கு வாங்க. எதிர்ப் பக்க பஸ் ஸ்டாப்புல நிக்கறவருக்கு போர்டு 15 மீட்டர் தூரத்துல, நேருக்கு நேரா இருக்கு. அங்க ஒரு பட்டைக்கு 4.4 மில்லிமீட்டர் வேணும். ஒன்பது பட்டைக்கு 4 செ.மீ. பழைய ‘ண்’ 6 செ.மீ. இருக்கறதால படிக்க முடியும். “நான் அந்தப் பக்கம் நின்னு பார்த்தேனே தம்பி, நல்லாத்தானே தெரியுது”ன்னு அண்ணன் சொன்னது அதனாலதான். அவர் சொன்னது பொய்யில்ல. அவர் நின்ன இடம் வேற, கஸ்டமர் வர்ற இடம் வேற.

பைக்ல வர்றவருக்கு போர்டு நேரா தெரியாது. கடை போர்டு ரோட்டுக்கு இணையா இருக்கு. அவரோட பாதையில இருந்து போர்டு 8 மீட்டர் தள்ளி இருக்குன்னு வச்சுக்கோங்க. கடைக்கு 30 மீட்டர் முன்னாடி அவர் வரும்போது, போர்டோட அகலம் சுருங்கி 8-ஐ 31 ஆல வகுத்த அளவுதான் தெரியும், அதாவது கால் பங்கு. உயரம் சுருங்காது, அகலம் மட்டும் சுருங்கும். டிசைனர் ஒரு முறை உள்ள தள்ளின எழுத்தை ரோடு இன்னொரு முறை உள்ள தள்ளுது. பழைய ‘ண்’ணுக்கு இந்தக் கணக்கைப் போட்டா, பைக் 10 மீட்டர் கிட்ட வந்த பிறகுதான் அது படிக்கக்கூடிய எல்லைக்குள்ளேயே வருது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்துல அந்த 10 மீட்டர் ஒரு நொடிக்கும் குறைவு. பிரேக் பிடிக்கறதுக்குள்ள கடை பின்னாடி போயிடும். இந்த எல்லை வெளிச்ச வித்தியாசம் நல்லா இருந்தாத்தான் பொருந்தும். பச்சை மேல சிவப்புக்கு அதுவும் கிடையாது.

புது போர்டுல முதல் முடிவு, எதை எடுக்கறதுங்கறதுதான். அண்ணனுக்கு இது கொஞ்சம் வலிச்சது. “காசு கொடுத்து அடிக்கறோம், காலியா விடுறதா?”ன்னார். முகவரி வேண்டாம், போர்டைப் பார்க்கறவர் அந்த முகவரியிலதான் நிக்கறார். வேலைகள் பட்டியல் வாசல்ல நிக்கற சின்ன போர்டுக்குப் போகட்டும். போன் நம்பர் ஷட்டருக்கு. கடை திறந்திருக்கும்போது யாரும் போர்டு பார்த்து போன் பண்றதில்ல. பூட்டியிருக்கும்போதுதான் நம்பர் தேவை, அப்ப ஷட்டர் கீழ இறங்கியிருக்கும், பெயிண்ட்ல பெருசா எழுதிடலாம். பம்பு படம் போச்சு. பிள்ளையார் மேல் ஓரத்துல சின்னதா தங்கினார், அதுல பேச்சுவார்த்தைக்கே இடமில்ல.

மிச்சம் மூணு வரி. ‘மோட்டார் ரீவைண்டிங்’ முதல் வரி, 20 செ.மீ. எழுத்து. கீழ கடைப் பேர் தமிழ்ல 10 செ.மீ., அதுக்குக் கீழ இங்கிலீஷ்ல 6 செ.மீ. தமிழ்நாட்டுல கடைப் பெயர்ப் பலகையில தமிழ் மேலேயும் பெருசாவும், மத்த மொழி அதுக்குக் கீழேயும் இருக்கணும்னு விதி. 5:3:2ன்னு சொல்ற விகிதம் இதுதான், 10-க்கு 6 அதுக்குச் சரியா பொருந்துது. 20 செ.மீ. எங்கிருந்து வந்ததுன்னா, அந்த ரெண்டு வார்த்தையை உள்ள தள்ளாம, ரெண்டு ஓரத்துலயும் 25 செ.மீ. விட்டு 10 அடிக்குள்ள வைக்க முடிஞ்ச அதிகபட்சம் அது. இப்ப ‘ண்’ அகலம் 32 செ.மீ. 30 மீட்டர் முன்னாடி பைக்ல இருந்து பார்த்தா அது 8 செ.மீ. ஆகச் சுருங்கும். தேவையும் ஏறக்குறைய 8. அதாவது நல்ல கண்ணுக்கு 30 மீட்டர்ல எட்டிப் பிடிக்க ஆரம்பிக்கும், 20 மீட்டர்ல சுலபமா படிக்கும். ஒரு நொடிக்கும் குறைவா இருந்த நேரம் ரெண்டு, மூணு நொடி ஆச்சு. ரெண்டு வார்த்தைக்கு அது போதும்.

எழுத்துருவுக்கு Mukta Malar எடுத்தேன், Bold அளவு. Catamaran-உம் நல்லாவே இருக்கும், ரெண்டும் இலவசம். அதிகத் தடிமன் எடுக்கறது வேண்டாம். தடிச்சா பளிச்சுன்னு தெரியும்னு நினைப்போம், ஆனா ‘ண்’ சுழியும் ‘வை’ கொம்பும் தடிமன்ல அடைஞ்சுடும். எழுத்துக்குள்ள இருக்கற இடைவெளி கோட்டோட தடிமனுக்குக் குறையாம இருக்கணும். இருட்டுப் பின்னணி மேல வெளிர் எழுத்துன்னா இன்னும் ஒரு படி மெலிசா எடுங்க. வெளிச்சம் கண்ணுல கொஞ்சம் பரவி, எழுத்தை உள்ளதைவிடத் தடிமனா காட்டும். உள்ள லைட் வச்ச போர்டா இருந்தா ராத்திரியில இது ரொம்பவே தெரியும்.

இடைவெளி விஷயத்துல தமிழுக்குன்னு ஒரு தொல்லை இருக்கு. ‘மோ’ங்கறது மூணு துண்டு: கொம்பு, ம, கால். நிறைய ப்ளெக்ஸ் கடைகள்ல இன்னும் பழைய எழுத்துருக்கள்தான். அதுல ஒவ்வொரு துண்டும் தனி எழுத்து. எழுத்துக்கு நடுவுல இடைவெளி கூட்டுன்னு சொன்னா, கொம்புக்கும் ‘ம’வுக்கும் நடுவுலயும் கூட்டிடும். கொம்பு முன்னாடி எழுத்தோட ஒட்டிக்கும், கால் தூரத்துல ‘ர’ மாதிரி தனியா நிக்கும். ‘டார்’ங்கறதுல காலும் ‘ர்’உம் பக்கத்துல பக்கத்துல வருது பாருங்க, அங்க இது நிச்சயம் குழப்பும். அதனால யூனிகோடுல Inkscape-ல தட்டி, Path மெனுவில Object to Path கொடுத்து, ஒவ்வொரு முழு எழுத்தையும் குரூப் பண்ணி, கையாலேயே நகர்த்துங்க. ஒரு எழுத்தோட துண்டுகள் நெருங்கி இருக்கணும், அடுத்த எழுத்து அதைவிடத் தெளிவா தள்ளி இருக்கணும். பக்கவாட்டுல பார்க்கும்போது இந்த இடைவெளியும் கால் பங்கு ஆகிடும்ங்கறதால, ஸ்கிரீன்ல கொஞ்சம் ஓவரா தெரியற அளவுக்கு விட்டாத்தான் ரோட்டுல சரியா இருக்கும். மேல் பக்கம் புள்ளிக்கும் ‘ரீ’ சுழிக்கும் எழுத்து உயரத்துல ஏறக்குறைய 40 சதவீதம் ஒதுக்குங்க. புள்ளி மேல் ஓரச் சட்டத்துல உட்கார்ந்தா அது புள்ளியா தெரியாது.

நிறம்: கருநீலப் பின்னணி (0, 0, 128), மஞ்சள் எழுத்து. விகிதம் 15-க்குக் கிட்ட. அண்ணன் சிவப்பு கேட்டார், அடியில ஒரு பட்டையா கொடுத்தாச்சு. நீலமும் மஞ்சளும் எடுத்ததுக்கு இன்னொரு காரணம் இருக்கு. வெயில்ல ப்ளெக்ஸ் மையில மஞ்சளும் மெஜந்தாவும்தான் சீக்கிரம் வெளுக்கும். சிவப்பு எழுத்து ரெண்டும் கலந்தது, அதனால அது முதல்ல அடிவாங்கும். மஞ்சள் எழுத்து வெளுத்தா வெள்ளை ஆகும். கருநீலத்து மேல வெள்ளைக்கு விகிதம் 16. நிறம் போனாலும் படிக்கறது போகாது.

அச்சுக்கு முன்னாடி ஒரு சோதனை. படத்தை போன் ஸ்கிரீன்ல சரியா 4 செ.மீ. அகலத்துக்குச் சுருக்கி, கண்ணுல இருந்து 40 செ.மீ. தள்ளிப் பிடிச்சா, அது 30 மீட்டர்ல இருக்கற 10 அடி போர்டுக்குச் சமம். அப்படியே போனைப் பக்கவாட்டுல திருப்புங்க, படம் கால் பங்கு அகலம் ஆகற வரைக்கும். இதுதான் பைக்காரர் பார்வை. லேப்டாப்ல இதைச் செய்யாதீங்க. 40 செ.மீ.ல அதோட பிக்சல் கண்ணோட எல்லையைவிடப் பெருசு, நல்ல போர்டையும் மோசமா காட்டும். பழைய போர்டு போட்டோவையும் அதே அளவுல வச்சு ஒப்பிடுங்க. முக்கியமா, நீங்க படிக்காதீங்க. வார்த்தை தெரிஞ்ச கண்ணு இல்லாததையும் படிச்சுடும். ரூம்மேட்டைக் கூப்பிட்டு, எதுவும் சொல்லாம காட்டுங்க. “மோட்டார் ரீ... ரீவைண்டிங்”னு அவன் தட்டுத் தடுமாறியாவது சொன்னா தேறிடுச்சு. பழையதைப் பார்த்து என் ரூம்மேட் சொன்னது, “ஏதோ ஸ்வீட் ஸ்டாலா?”

இந்தக் கணக்கு தராத ஒண்ணு உண்டு. ரோட்டுக்கு இணையான போர்டுல எழுத்தை எவ்வளவு பெருசாக்கினாலும், கால் பங்கு சுருக்கம் போகாது. 50, 60 மீட்டர்ல இருந்தே தெரியணும்னா, ரோட்டைப் பார்த்துக் குறுக்கா நீட்டிட்டு நிக்கற சின்ன போர்டு ஒண்ணு வேணும். ரெண்டடி அகலத்துல ‘மோட்டார்’னு ஒரே வார்த்தை இருந்தா, அது இந்தப் பத்தடி போர்டைத் தோற்கடிச்சுடும். ஆனா அதை மாட்ட இடமும் அனுமதியும் வேணும், அண்ணன் கடையில கரண்ட் கம்பி குறுக்க போகுது.

ப்ளெக்ஸ் கடைக்கு PDF-ஆ, எழுத்தெல்லாம் வடிவமா மாத்தினதை மட்டும் கொடுங்க. அவங்க கம்ப்யூட்டர்ல எழுத்துரு இல்லேன்னா கொம்பு இடம் மாறும். அங்கேயே உட்கார்ந்து, பிரிண்ட்டுக்குப் போற ஃபைலை ஒரு தடவை பெருசாக்கிப் பாருங்க. “ரொம்ப ப்ளெயினா இருக்கு தம்பி, ஒரு ஷேடு போட்டுடவா?”ன்னு நிச்சயம் கேப்பாங்க.